நன்கொடையா, விளம்பரமா?

எங்கள் ஊர்க் கால்பந்துக் குழுவுக்காக நான் எழுதிய முதல் ஸ்பான்சர் கடிதத்தை, ஹார்டுவேர் கடை அண்ணாச்சி கல்லாவில் நின்றபடியே வாங்கினார். ஒரு பக்கம் முழுக்க நெருக்கி அடித்திருந்தோம். இளைஞர் நலன், போதையற்ற சமுதாயம், ஊரின் பெருமை எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரியில் ‘தங்களால் இயன்ற உதவியை நல்கி’ என்று முடித்திருந்தேன். அண்ணாச்சி மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டுக் கேட்டார்: “இது நன்கொடையா விளம்பரமா தம்பி? நன்கொடைன்னா நூறு ரூபா இருக்கு, வாங்கிட்டுப் போ. விளம்பரம்னா உட்காரு, பேசுவோம்.”

நான் நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கடிதத்தில் இருபது நகல் எடுத்து, பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு, கடைவீதி முழுக்கக் கொடுத்திருந்தோம். எல்லாக் கடையிலும் கிடைத்தது நூறும் இருநூறும்தான். கோயில் கொடைக்கு வரி பிரிக்க வருகிறவர்களுக்கு என்று கடைக்காரர்கள் கல்லாவின் ஓரத்தில் தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். எங்கள் கடிதம் நேராக அந்தக் கணக்கில் போய் விழுந்தது. விளம்பரத்துக்கு அவர்கள் ஒதுக்கும் பணம் வேறு பெட்டியில் இருக்கிறது. அதைத் திறக்க வேண்டுமானால் கடிதம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: என் கடைப் பெயரை யார் பார்ப்பார்கள், எத்தனை முறை?

மறு வருடம் அதே அண்ணாச்சியிடம் போனோம். அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆட்டம் பார்க்க வருகிறவர்களைச் சும்மா எண்ணிப் பார்த்தோம். கொத்தனார்கள், பெயின்டர்கள், எலக்ட்ரீஷியன்கள், பிளம்பர்கள், வேலை முடிந்து கைலியோடு வந்து கோட்டுக்கு வெளியே குந்துகிறவர்கள். வீடு கட்டுகிறவர் எந்த பெயின்ட் வாங்குவது, எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்பது இவர்களிடம்தான். ஜவுளிக் கடைக்காரர் எங்களுக்குப் பணம் கொடுத்தால் அது பாசத்தால் கொடுத்ததாக இருக்கும். ஹார்டுவேர் கடைக்காரர் கொடுத்தால் அதில் வியாபாரம் இருக்கிறது. கடிதத்தின் முதல் பத்தியில் இதைத்தான் எழுதினோம், ஊரின் பெருமையை எடுத்துவிட்டோம்.

போகும் நேரத்தையும் மாற்றினோம். முதல் முறை காலையில் கடை திறந்ததும் போயிருந்தோம். போணி ஆவதற்கு முன்னால் வந்து பணம் கேட்கிறவனை எந்தக் கடைக்காரருக்கும் பிடிக்காது. விளக்கு வைத்த பிறகு கல்லாவிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கவும் யோசிப்பார்கள். சனிக்கிழமை சம்பள நாள், கொத்தனார் கூட்டம் நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டரை மூன்று மணிக்குக் கடை ஓய்ந்திருக்கும். அப்போது போனால் உட்கார ஸ்டூல் கிடைக்கும்.

இனி அந்தக் கடிதம் என்ன விற்கிறது என்று பார்க்கலாம். இரண்டே சரக்குதான். ஒன்று சட்டையில் இடம், இன்னொன்று ஆட்டத்தன்று மைக்கில் பெயர் சொல்வது. இரண்டும் கேட்க ஒன்றுபோல இருந்தாலும் அவற்றின் தன்மை வேறு. சட்டை எங்களோடு எல்லா ஊருக்கும் வரும். மைக் வராது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஓர் அவமானம் தேவைப்பட்டது.

இரண்டாம் கடிதத்தில் ‘நாங்கள் ஆடும் ஒவ்வொரு போட்டியிலும் ஒலிபெருக்கியில் தங்கள் நிறுவனத்தின் பெயர் அறிவிக்கப்படும்’ என்று தாராளமாக எழுதிக் கொடுத்தோம். சிறிய கிளப்புக்குச் சொந்த மைதானம் கிடையாது என்பதை எழுதும்போது மறந்துவிட்டோம். மாவட்ட லீக் பொது மைதானத்தில் நடக்கும், மைக் சங்கத்தின் கையில் இருக்கும். வெளியூர் எழுவர் போட்டிக்குப் போனால் மைக் அந்த ஊர்க் கமிட்டியின் கையில். அப்படி ஒரு வெளியூர்ப் போட்டிக்கு அண்ணாச்சி ஆசையாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அந்தப் போட்டிக்கு முதல் பரிசு கொடுத்தவர் பக்கத்து ஊர் ஹார்டுவேர் கடைக்காரர். எங்கள் சட்டையில் அண்ணாச்சியின் கடை, மைக்கில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவருடைய போட்டியாளரின் கடை. நான் மேடைக்கு ஓடிப் போய்ச் சீட்டு நீட்டினேன். “பரிசு கொடுத்தவர் இங்கேயே உட்கார்ந்திருக்கார், எப்படிப்பா சொல்ல முடியும்?” என்று கமிட்டிக்காரர் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அண்ணாச்சி இடைவேளைக்கு முன்பே கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு எழுதிய கடிதத்தில் எங்கள் கையில் இருப்பதை மட்டும் எண்ணி எழுதினோம். வருடத்துக்கு ஒருமுறை நாங்களே மூன்று நாள் போட்டி நடத்துகிறோம். எட்டு அணிகள், தோற்றவர் வெளியேறும் முறை. முதல் சுற்றில் நான்கு ஆட்டம், அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, ஆக ஏழு ஆட்டம். ஆட்டத்துக்கு நான்கு முறை என்றால் 28 அறிவிப்பு. இது எங்கள் மைக், எங்கள் ஆள், நாங்கள் எண்ணலாம். மாவட்ட லீக்கில் எங்கள் பிரிவில் பத்து அணிகள் என்பதால் ஒன்பது ஆட்டம், அதில் சட்டை மட்டும். வெளியூர்ப் போட்டிகளிலும் சட்டை மட்டும். ‘அங்கே மைக் எங்கள் பொறுப்பில் இல்லை’ என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதினோம். விற்பவன் தன் சரக்கில் இல்லாததைத் தானே சொன்னால், மீதியை வாங்குகிறவர் நம்புகிறார்.

மைக்கில் சொல்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கோல் விழுந்ததும் சொன்னால் பிரமாதமாக இருக்கும் என்று நினைத்தோம். கோல் விழுந்தால் கூட்டம் கத்தும், யார் காதிலும் விழாது. இடைவேளை தொடங்கியதும் பாதிப் பேர் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். கூட்டம் அமைதியாகக் காது கொடுக்கும் நேரம் இரண்டு: ஆட்டக்காரர்கள் பெயர் வாசிக்கும்போது, இரண்டாம் பாதி தொடங்க அணிகள் திரும்ப இறங்கும்போது. நான்கில் இரண்டை அங்கே வைத்தோம். ஒன்று ஆட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன், இன்னொன்று முடிவைச் சொல்லும்போது. நன்கொடையாளர் பட்டியலை ஒரே மூச்சில் வாசிப்பது போன்ற வீண் வேலை வேறில்லை. பதினைந்து பெயரைச் சேர்ந்தாற்போல் கேட்கிறவன் ஒன்றையும் பிடித்துக்கொள்ள மாட்டான், தன் பெயருக்காகக் காத்திருக்கிற பதினைந்து பேரைத் தவிர.

சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கடைப் பெயர், அடையாளம், ஒரே ஒரு பொருள், அவ்வளவுதான். ‘இன்று இறங்கும் நம் அணியின் சட்டையை வழங்கியவர்கள், பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் உள்ள இன்ன ஹார்டுவேர்ஸ். கலர் மிஷினில் நீங்கள் கேட்கும் நிறத்தில் பெயின்ட் கலந்து தருவார்கள்.’ நிதானமாக வாசித்தால் பதினைந்து விநாடிக்குள் முடியும். போன் நம்பரைச் சேர்க்கச் சொல்லி அண்ணாச்சி கேட்டார். பத்து இலக்கத்தை மைக்கில் கேட்டு மனதில் வைத்துக்கொள்கிறவர் யாரும் இல்லை என்றதும் விட்டுவிட்டார். மின்னொளி ஆட்டம் வைக்கிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டம் தடை போடுகிறது. இறுதி ஆட்டம் தாமதமானால் எண்ணிக் கொடுத்த அறிவிப்புகள் அங்கேயே அறுபடும்.

சட்டை விஷயத்துக்கு வருவோம். சின்னக் கிளப்பின் சட்டையில் உள்ளூர்க் கடை என்பது பெரிய கிளப்புகளைப் பார்த்து நாம் போட்டுக்கொண்ட சூடு என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் கதை நேர்மாறாக நடந்தது. 1976 ஜனவரியில் கெட்டரிங் டவுன் என்ற கீழ்ப்பிரிவுக் கிளப்தான் அந்நாட்டில் முதன்முதலாக விளம்பரச் சட்டையோடு ஆட்டத்தில் இறங்கியது. போட்டுக்கொண்டது கெட்டரிங் டயர்ஸ் என்ற உள்ளூர் டயர் வியாபாரத்தின் பெயர். கிளப்பை அப்போது நடத்தியவர் டெரெக் டூகன், முன்பு வுல்வ்ஸ் அணிக்கு ஆடியவர். சில நாட்களிலேயே பெயரை எடுக்கச் சொல்லி இங்கிலாந்து கால்பந்து சங்கம் உத்தரவு போட்டது. டூகன் ‘டயர்ஸ்’ என்பதை அழித்து ‘டி’ மட்டும் விட்டார். கேட்டால் ‘டி’ என்றால் டவுன் என்றார். 1,000 பவுண்டு அபராதம் என்று சங்கம் மிரட்டிய பிறகுதான் அதுவும் போனது. அடுத்த வருடமே சங்கம் இறங்கிவந்து சட்டை விளம்பரத்தை அனுமதித்தது.

எங்களைத் தடுக்க யாரும் இல்லை, எங்கள் சட்டையே எங்களைத் தடுத்தது. அண்ணாச்சியிடம் லோகோ கேட்டோம். விசிட்டிங் கார்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். அதை மார்பளவுக்குப் பெரிதாக்கியபோது எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. எந்தக் கடைக்கும் நல்ல லோகோ ஓரிடத்தில் இருக்கும், அது அந்தக் கடைக்கு போர்டு அடித்த பிளெக்ஸ்காரரின் கம்ப்யூட்டர். அங்கே போய்க் கோரல் டிரா கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கும்போது எழுத்துகளை ‘கர்வ்’ ஆக்கித் தரச் சொல்ல மறக்கக் கூடாது. அப்படிச் செய்தால் எழுத்து வெறும் கோட்டுப் படமாகிவிடும். செய்யாவிட்டால், அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாத ஜெர்சிக் கடைக் கம்ப்யூட்டரில் கடைப் பெயர் ஏதோ புரியாத குறிகளாக விரியும். கவனிக்காமல் அதையே அச்சடித்துவிட்ட குழுக்கள் உண்டு.

இப்போது வருகிற சட்டைகள் பெரும்பாலும் சப்ளிமேஷன் முறையில் அச்சாகின்றன. படத்தைத் தாளில் அச்சடித்து, பாலியெஸ்டர் துணிமேல் வைத்துச் சூடாக அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்கிவிடும். எத்தனை துவைத்தாலும் உரியாது. ஒட்டும் ஸ்டிக்கர் முறையில் ஓரம் எழும்பும், தேய்ப்புப் பெட்டி பட்டால் சுருங்கும். சப்ளிமேஷனில் ஒரு சிக்கலும் அதே காரணத்தால் வருகிறது: பெயரை நீக்க முடியாது. ஸ்பான்சர் ஒரு வருடத்துக்குப் பணம் கொடுத்திருப்பார், பையன்கள் அதே சட்டையை மூன்று வருடம் போடுவார்கள். அடுத்த வருடம் வேறு பெயின்ட் கடையிடம் போக நேர்ந்தால் பழைய சட்டைகள் தெருவில் எதிர் விளம்பரம் செய்யும். ஆகவே கால அளவைக் கடிதத்தில் ‘ஒரு சீசன்’ என்று எழுதி, பழைய சட்டையைப் போட்டியில் அணிய மாட்டோம், பயிற்சிக்கு அணிவோம் என்றும் சேர்த்துவிடுவது நல்லது.

எழுத்தின் அளவில்தான் நாங்கள் அதிகம் சறுக்கினோம். போர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது: ஓர் அங்குல உயர எழுத்து பத்தடி தூரத்தில் சிரமமில்லாமல் தெரியும். மூன்று அங்குலம் என்றால் முப்பது அடி. ஆனால் கோட்டோரம் நிற்கிறவனுக்கு எதிர்ப்பக்கத்து ஆட்டக்காரன் நூற்றைம்பது அடிக்கும் அப்பால் ஓடிக்கொண்டிருப்பான். தமிழில் இன்னொரு தொல்லை. புள்ளியும் சுழியும் மேலேயும் கீழேயும் இடம் பிடித்துக்கொள்வதால் மூன்று அங்குல உயரத்தில் எழுத்தின் உடலுக்கு இரண்டு அங்குலம்கூட மிஞ்சாது. இந்த லட்சணத்தில் அண்ணாச்சியின் முழுப் பெயர்ப் பலகையையும், ஹார்டுவேர்ஸ், பெயின்ட்ஸ், எலக்ட்ரிகல்ஸ், போன் நம்பர் உட்பட, மார்பில் நான்கு வரியாக அடித்திருந்தோம். மஞ்சள் சட்டையில் வெள்ளை எழுத்து வேறு. பத்தடி தள்ளி நின்றால் ஏதோ சாந்து சிந்தியது போலத்தான் தெரிந்தது. மார்பில் கடையின் பெயர் மட்டும், ஒரே வரியில், சட்டைக்கு எதிரான அடர் நிறத்தில். மற்றதெல்லாம் மைக்குக்கு.

ஒரு சின்ன விஷயம். அணியின் படத்தை எடுக்கும்போது பின்வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொள்வார்கள், முன்வரிசை நடுவன் பந்தை மார்போடு பிடித்துக்கொள்வான். பதினோரு சட்டையில் பாதிக்கு மேல் கடைப் பெயர் மறைந்துவிடும். கையைப் பின்னால் கட்டச் சொல்லுங்கள், பந்தைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருவோம். நாங்கள் கேட்டது 18,000 ரூபாய். ஒரு சட்டை 400 ரூபாய் வீதம் 20 சட்டைக்கு 8,000. மீதி 10,000 பந்துக்கும் வேன் வாடகைக்கும். இந்தப் பிரிப்பைக் கடிதத்தில் எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் சண்டை. எழுதினால் “சட்டைக்கு மட்டும் தர்றேன்” என்று எட்டாயிரத்தில் நின்றுவிடுவார் என்றான் பொருளாளர். எழுதினோம். அண்ணாச்சி அப்படித்தான் ஆரம்பித்தார், ஆனால் சட்டை சும்மா பீரோவில் இருந்தால் யார் பார்ப்பார்கள், அதை ஒன்பது மைதானத்துக்குக் கொண்டுபோவது வேன்தானே என்றதும் சிரித்துவிட்டார். கடைசியில் 15,000 ரொக்கமும், போட்டிக்கு மைதானக் கோடு போட வேண்டிய சுண்ணாம்புத் தூளும் கோல் வலை கட்டக் கயிறும் என்று முடிந்தது. கடைக்காரருக்குச் சரக்காகக் கொடுப்பது எப்போதும் எளிது, அவருக்கு அது வாங்கின விலை, நமக்கு விற்கிற விலை. கடிதத்திலேயே அதற்கு ஒரு வாசல் வைத்துவிட வேண்டும்.

ரொக்கம் என்று எழுதியதும் அவருடைய ஆடிட்டர் இடைபுகுந்தார். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக வருமான வரிக் கணக்கு அதை வியாபாரச் செலவாக ஏற்காது. பிறகு கிளப்பின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினார். கிளப்பைச் சங்கமாகப் பதிவு செய்து, பான் எண் வாங்கி, கணக்கு வைத்திருந்ததால் அது முடிந்தது. செயலாளரின் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்கிற குழுக்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன. ரசீதிலும் ‘நன்கொடை’ என்று எழுதக் கூடாது, ‘விளம்பரக் கட்டணம்’ என்று எழுத வேண்டும். கடை ஒருவர் பெயரில் இல்லாமல் பங்குதாரர்களின் நிறுவனமாக இருந்தால் ஸ்பான்சர் தொகைக்கு ஜிஎஸ்டி வேறு கணக்கில் வரலாம், அதை அவர்களுடைய ஆடிட்டரே சொல்வார்.

எங்களிடம் கடைசியாகத் தேறிய கடிதம் இதுதான்:

“மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் கட்டட வேலை செய்கிறவர்கள். அவர்கள் கண்ணில் உங்கள் கடைப் பெயர் பட வேண்டும் என்பதற்காக இந்த விளம்பர இடத்தை முதலில் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறோம்.

இந்த சீசனில் எங்கள் 20 சட்டைகளின் மார்பில் உங்கள் கடைப் பெயர் மட்டும் இருக்கும். மாவட்ட லீக்கில் 9 ஆட்டங்களிலும், நாங்கள் போகும் வெளியூர்ப் போட்டிகளிலும் அதை அணிவோம். நாங்கள் நடத்தும் மூன்று நாள் போட்டியில் ஆட்டத்துக்கு 4 முறை வீதம் 28 முறை மைக்கில் உங்கள் பெயரைச் சொல்வோம். லீக்கிலும் வெளியூரிலும் மைக் எங்கள் பொறுப்பில் இல்லை. வேறு ஹார்டுவேர், பெயின்ட் கடையின் விளம்பரம் எதையும் இந்த சீசனில் வாங்க மாட்டோம்.

கட்டணம் 18,000 ரூபாய். சட்டைக்கு 8,000, பந்துக்கும் பயணத்துக்கும் 10,000. பாதியை இப்போதும், மீதியைச் சட்டையைக் கண்ணால் பார்த்த பிறகும் கொடுத்தால் போதும். ஒரு பகுதியைச் சரக்காகக் கொடுப்பதும் எங்களுக்குச் சம்மதம். அச்சுக்குப் போகும் முன் மாதிரியை உங்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவோம். சீசன் முடிந்ததும் என்னென்ன செய்தோம் என்று எழுதிக் கொடுப்போம்.

வரும் புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு நேரில் வந்து பார்க்கிறோம்.”

கடைசி வரியைத் தபாலில் போடுகிறவர்கள் எழுத மாட்டார்கள். ‘தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கி’ என்று முடித்தால் பதில் வராது. கடைக்காரர் யாரும் பதில் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை.

மைக்காரப் பையனிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, சொல்லச் சொல்லக் கோடு போடச் சொல்லியிருந்தோம். இரண்டாம் அரையிறுதியில் மின்சாரம் போய்விட்டதால் 28க்குப் பதில் 25தான் தேறியது. அதை அப்படியே எழுதி, குறைந்த மூன்றுக்கு ஈடாகப் பரிசு மேடையில் அவரை அழைத்துப் பேச வைத்ததையும் எழுதி, கையைப் பின்னால் கட்டிய அணியின் படத்தோடு கொடுத்தோம். அண்ணாச்சி அந்தத் தாளை மடித்து, பில் குத்துகிற கம்பியில் ஒரு வருடம் செருகி வைத்திருந்தார். அடுத்த சீசனுக்குக் கடிதத்தோடு போனபோது அதைப் பிரிக்கவே இல்லை. “மஞ்சளை மாத்து தம்பி, நீலத்துல அடி. அப்புறம் அந்த வெளியூர்க்காரன் இந்த வருஷமும் பரிசு குடுக்குறானா, அதைக் கேட்டுட்டு வா” என்றார்.